லேபிள் மொழிபெயர்ப்பில் 71,400 ரூபாய் போச்சு. யாரும் ஏமாறாதீங்க

மொழிபெயர்த்துக் கொடுத்த தளத்திடமிருந்து இன்னைக்குக் காலையில்தான் கடைசி பதில் வந்தது. கை இன்னும் நடுங்குது, ஆனாலும் இப்பவே எழுதிடறேன்.

திருப்பூரில் காலர் நிட்டிங் வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய ஜெர்மன் மெஷின். அதோட கண்ட்ரோல் போர்டு போயிடுச்சு. புது போர்டு கம்பெனியிலேயே இப்போ கிடையாது. ஜெர்மனியில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருத்தர் தன்னிடம் இருந்த பழைய போர்டை 700 யூரோவுக்குக் கொடுத்தார். தபாலில் அனுப்பிவிட்டு, பெட்டி மேல் ஒட்டிய லேபிளையும் சுங்கப் படிவத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். படிவம் முழுக்க ஜெர்மன், கையால் எழுதியது.

பார்சல் சென்னை சுங்கத்தில் நின்றது. என்ன பொருள், என்ன மதிப்பு என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதில் தப்பே இல்லை, அது அவர்கள் வேலை. சுங்க வேலை பார்க்கும் நம்ம ஏஜென்ட், "படிவத்துக்கு இங்கிலீஷ் காப்பி வேணுங்ண்ணா" என்றார். ஆன்லைனில் ஆவணம் மொழிபெயர்த்துத் தரும் ஒரு தளத்தில் போட்டோவை ஏற்றி 1,800 ரூபாய் கட்டினேன். பணம் கட்டும் முன் போன் பண்ணிக் கேட்டேன். "சுங்க பேப்பர் தினமும் பண்றோம் சார், கையெழுத்தா இருந்தாலும் பிரச்சினை இல்லை, நீங்க கவலையே படாதீங்க" என்றார் போனை எடுத்த பெண். அந்தக் குரலை நம்பினேன். அங்கேதான் விழுந்தேன்.

வந்தது ஒரே ஒரு பத்தி. சிஎன் 23 என்கிற அந்தப் படிவம் கட்டம் கட்டமாக இருக்கும். அனுப்புநர், பெறுநர், பொருள் விவரம், எண்ணிக்கை, நிகர எடை, மதிப்பு, தபால் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம். இவர்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் தொடராக அடித்து, கீழே முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். முத்திரையைப் பார்த்து நானும் சரி என்று விட்டுவிட்டேன். அந்தப் பத்தியைப் பிரித்துத்தான் ஏஜென்ட் தன் பேப்பரை நிரப்பினார்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது பாருங்கள். ஜெர்மனியில் தசமத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், கமாதான் வைப்பார்கள். ஆயிரத்தைப் பிரிக்கத்தான் அங்கே புள்ளி. நமக்கு நேர் தலைகீழ். படிவத்தில் எடை 1,850 கிலோ, அதாவது ஒரு கிலோ 850 கிராம். இவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். நம்ம ஊர்க் கண்ணுக்கு அது ஆயிரத்து எண்ணூற்றைம்பது கிலோ. மதிப்பு 700,00. கமாவை எடுத்துவிட்டு 70000 யூரோ என்று போட்டார்கள். பொருள் "தட்டை நிட்டிங் மெஷினுக்கான கண்ட்ரோல் போர்டு, பயன்படுத்தியது". இதில் போர்டும் போச்சு, பயன்படுத்தியது என்பதும் போச்சு, மெஷின் மட்டும் நின்றது. அனுப்பியவர் விலாசத்தில் "பின்கட்டு, 2ஆம் மாடி, இடது பக்கம்" என்று ஒரு வரி. பத்தியில் அந்த 2 நகர்ந்து மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏஜென்ட் அதை எண்ணிக்கை என்று எடுத்தார்.

ஆக, நான் வரவழைத்தது இரண்டு நிட்டிங் மெஷின், 1,850 கிலோ, 70,000 யூரோ! ஒவ்வொரு தப்பும் அடுத்த தப்புக்குச் சாட்சி சொன்னது. மெஷின் என்றால் அந்த எடை இருக்கும், அந்த விலையும் இருக்கும். அதனால் படித்த யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆனால் அதிகாரி முன்னால் இருந்தது கையில் தூக்கக்கூடிய அட்டைப்பெட்டி. அவர் எப்படி ஏற்றுக்கொள்வார்? மறுபடி விளக்கம் கேட்டார்.

அப்பவும் நான் பதறவில்லை. பதில் சொல்ல வேண்டிய தேதி தாண்டினால் பார்சல் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், மறுபடி அனுப்பச் சொல்லலாம் என்று நினைத்தேன். இடையில் மச்சான் வீட்டுக் கல்யாணம் வேறு. என் வயிறு எரிவது இதற்குத்தான். பார்சலைக் கொடுக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று அனுப்பும்போதே டிக் அடிக்க ஒரு இடம் உண்டு. திருப்பி அனுப்பு, அல்லது கைவிட்டுவிடு. கைவிடுவதற்கு ஜெர்மனில் "பிரைஸ்காபே" என்று பெயர். "பிரைஸ்" என்றால் விலையாம். அதைப் பிடித்துக்கொண்டு இவர்கள் "விலை கொடுக்கப்பட்டுள்ளது" என்று எழுதிவிட்டார்கள். அனுப்பியவர் அதைத்தான் டிக் அடித்திருக்கிறார். திரும்பி வந்தால் செலவு அதிகம் என்று எப்போதும் அப்படித்தான் செய்வாராம். அந்த ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறிச் சென்னைக்குப் போயிருப்பேன். தேதி முடிந்தது. பார்சல் கைவிடப்பட்ட கணக்கில் போய்விட்டது.

போர்டும் தபாலும் 67,300. மொழிபெயர்ப்பு 1,800. ஏஜென்டுக்கு 2,300. மொத்தம் 71,400 ரூபாய்.

எல்லாம் முடிந்த பிறகு, ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த பெரியம்மா பேரனிடம் போட்டோவைக் காட்டினேன். ஐந்தே நிமிஷத்தில் படித்துச் சொன்னான். கட்டம் வாரியாகப் பேப்பரில் எழுதியும் கொடுத்தான். தெருப் பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்தான். எடைக்கு 1.85 கிலோ, மதிப்புக்கு 700 யூரோ, தபால் கட்டணம் 47,99 என்பதைத் தனியாக 47.99 யூரோ. அவ்வளவுதான் வேலை!

அந்தத் தளத்தில் கேட்டால் முதல் நாள், "ஒரிஜினலில் உள்ளதை உள்ளபடி கொடுத்திருக்கிறோம்." அடுத்த நாள், "போட்டோ தெளிவாக இல்லை." தெளிவில்லாத போட்டோவுக்கு எதற்கு 1,800 வாங்கினீர்கள்? மூன்றாவது முறை வேறு ஒருவர், "புகார் சொல்ல 7 நாள்தான் அவகாசம்." போனில் பேசிய அந்தப் பெண்ணைக் கேட்டால் அப்படி யாரும் இல்லையாம். இன்று காலை, "உங்கள் புகார் முடிக்கப்பட்டது, அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடி." 71,400 ரூபாய் போனவனுக்குத் தள்ளுபடி!

என்ன செய்யணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ முடியலை. ரெண்டு மூணு மட்டும். ஒரே பத்தியாக வந்தால் வாங்காதீங்க, படிவத்தில் எத்தனை கட்டமோ அத்தனை கட்டம் கேளுங்க. எடையையும் மதிப்பையும் அனுப்பியவரிடம் போனில் வார்த்தையாகச் சொல்லச் சொல்லி ஒத்துப் பாருங்க. டிக் அடித்த இடம் எதுவாக இருந்தாலும் அதுக்கு என்ன அர்த்தம்னு முதலில் அதைக் கேளுங்க.

மெஷின் இன்னும் நிக்குது. அந்த மெக்கானிக்கிடம் இன்னொரு போர்டு இல்லையாம்.