கேள்வித் தலைப்பா, விஷயத் தலைப்பா? 4-க்கு 2 என்றால் வெற்றியா?

அறிமுகமில்லாதவர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலுக்கு இரண்டு தலைப்புகள்.

அ: “ஒரு சின்னக் கேள்வி”
ஆ: “உங்கள் வலைப்பதிவுக்கு ஒரு கட்டுரை யோசனை”

எழுதும் உழைப்பு: அ ஒரே வரி, எல்லோருக்கும் போகும். ஆ-வை ஆளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.
வரும் பதில்: அ-வுக்கு “என்ன கேள்வி?” என்று வரும். ஆ-வுக்கு வேண்டும், வேண்டாம் என்று நேராக வரும்.

பதில் விகிதம்? தலா 40 பேருக்கு அனுப்பி, அ-வுக்கு 4, ஆ-வுக்கு 2 பதில் என்று வைத்துக்கொள்வோம். 10%, 5%, இரட்டிப்பு! சரி, மொத்தம் 6 பதில்கள்தானே, ஒரு நாணயத்தை 6 முறை சுண்டிப் பாருங்கள். சரிபாதியாக 3-3 விழும் வாய்ப்பு 64-இல் 20தான். மீதி 44-இல் 4-2 அல்லது அதைவிடச் சாய்வு. தலைப்புகள் சமமாக இருந்தாலும் இப்படித்தான் வரும்.

உண்மையிலேயே 5%, 10% என்ற வித்தியாசம் இருந்தால், அதை ஓரளவு நம்பிக்கையோடு பிடிக்கத் தலா 430 பேராவது வேண்டும். பட்டியலைக் குலுக்கிப் பிரித்து, ஒரே நேரத்தில் அனுப்புங்கள். முன்னிலை தெரிந்ததும் பாதியில் நிறுத்தக் கூடாது.

பட்டியல் ஆயிரத்தைத் தொட்டால் சோதியுங்கள். 80 பேர்தான் என்றால் சோதனையே வேண்டாம், ஆ-வை அனுப்புங்கள். பெரிய பட்டியலில் பேச்சைத் தொடங்கினால் போதும் என்பவர்களுக்கு அ.