முன்தோல் இறுக்கத்திற்குக் களிம்பு: மூன்று ஆண்டு அனுபவம்

முன்தோல் நீக்க அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்ட நண்பர் ஒருவர், "உனக்குக் களிம்பிலேயே சரியாகிவிட்டதே, எனக்கு மட்டும் ஏன் கத்தி?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு அப்போது வயது 31. சாதாரண நிலையில் முன்தோல் பாதி தூரம் பின்னுக்கு வரும். விறைப்பின்போதோ தோலின் விளிம்பு கயிறு கட்டியதுபோல் இறுகி வலிக்கும், சில நாட்களில் நுண்ணிய வெடிப்புகளும் தோன்றும். மருத்துவர் 0.05 சதவீதப் பீட்டாமெத்தசோன் களிம்பைக் காலையும் இரவுமாக ஆறு வாரம் தடவச் சொன்னார். இது ஸ்டீராய்டு வகை மருந்து. அழற்சியைத் தணித்துத் தோலை நெகிழ வைக்கும்.

என் தீராத எரிச்சல் மருந்தின் மீதன்று, அதனுடன் வந்த துண்டுச்சீட்டின் மீது. "பாதிக்கப்பட்ட இடத்தில் மெல்லியதாகத் தடவவும்" என்பதற்கு மேல் அதில் ஒரு சொல் இல்லை. நான் முன்தோலின் வெளிப்புறம் முழுவதும் பூசி, இரண்டு வாரத்தை வீணாக்கினேன். மறுமுறை சென்றபோதுதான் மருத்துவர் இடத்தைக் காட்டினார். வெந்நீரில் குளித்த பிறகு, வலி தோன்றும் முன்பே நின்றுவிடும் அளவுக்குத் தோலை மெதுவாக அடிப்பக்கம் இழுத்தால், துளையின் ஓரத்தில் சற்றே வெளிறிய வளையம் ஒன்று தெரியும். இறுக்கம் முழுவதும் அந்த வளையத்தில்தான் இருக்கிறது. களிம்பு சேர வேண்டியதும் அங்கேதான். தடவிய பின் அதே நிலையில் அரை நிமிடம் பிடித்திருந்து, தோலை மறவாமல் முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பின்னுக்குத் தள்ளிய தோல் அங்கேயே மாட்டிக்கொண்டால் ஆண்குறியின் மொட்டு வீங்கி, இரத்த ஓட்டம் தடைபடும். அது மறுநாள் வரை பொறுத்திருக்கும் விஷயமன்று, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம்.

நடுவில் என் அவசரபுத்தியால் ஒரு விபரீதமும் நேர்ந்தது. நல்ல முன்னேற்றம் தெரிந்த ஒரு நாள், விறைப்பின்போது தோலை வலுக்கட்டாயமாக இழுத்ததில் கிழிந்து இரத்தம் வந்தது. கிழிந்த இடம் தழும்பாக ஆறும் என்றும், தழும்பு நெகிழாது என்றும், இப்படியே சிலமுறை கிழித்துக்கொண்டால் களிம்புக்கு வேலையே இல்லாமல் போகும் என்றும் மருத்துவர் கடிந்துகொண்டார். புண் ஆறும்வரை நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கினேன். எட்டாவது வார முடிவில் விறைப்பு நிலையிலும் தோல் வலியின்றி நகர்ந்தது. (களிம்பின் எண்ணெய்ப் பசை லேடக்ஸ் ஆணுறையைப் பலவீனப்படுத்தும் என்பதையும் அந்தச் சீட்டு சொல்லவில்லை.)

நண்பரின் நிலை வேறு. அவருடைய வளையம் வெள்ளையாக, பளபளப்பாக, தொட்டால் கெட்டியாக இருந்தது. முறையாக இரண்டு மாதம் தடவியும் அசையவில்லை. லைக்கன் ஸ்கிளரோசஸ் என்னும் தோல் நோயின் சாயல் அது. தொடக்க நிலையில் அதற்கும் வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு களிம்பு பயன்படலாம்; ஆனால் தழும்பு முற்றிவிட்டால் முன்தோலை நீக்குவதே வழி. காலம் கடத்தினால் நோய் சிறுநீர்த் துளை வரை பரவி அதையும் சுருக்கக்கூடும். நோய் இதுதானா என்று உறுதிசெய்ய, நீக்கிய தோலை ஆய்வகத்திற்கும் அனுப்புவார்கள். நண்பருக்கு இடையிடையே தொற்றும் வந்ததால் இரத்தச் சர்க்கரையையும் பார்த்தார்கள். அடிக்கடி முன்தோல் புண்ணாவது சில வேளைகளில் நீரிழிவின் முதல் அறிகுறியாக இருக்கும்.

இனி என் தீர்ப்பு. களிம்பு என்னைக் கத்தியிலிருந்து காப்பாற்றியது. தழும்பில்லாத இறுக்கத்திற்கு முதலில் அதைத்தான் முயல வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஓராண்டு கழித்து இறுக்கம் கொஞ்சம் திரும்பியது, மீண்டும் நான்கு வாரம் தடவ வேண்டியிருந்தது. இன்றும் குளிக்கும்போது தோலை நகர்த்திப் பார்க்காத நாளில்லை. நண்பருக்கோ முதல் வாரம் இரவு விறைப்பில் தையல் இழுத்த வேதனையும், துணி உரசினாலே கூசும் மொட்டும் இருந்தன. மூன்றாம் வாரத்திற்குள் தையல்கள் தாமாக உதிர்ந்தன, ஆறு வாரத்தில் உடலுறவுக்கும் மருத்துவர் அனுமதி தந்தார், அத்தோடு அவருக்குக் கதை முடிந்தது. நேற்று அவரைப் பார்த்துவிட்டு வந்தபோது, எனக்கு எந்தத் தழும்பும் இல்லாதபோதிலும், அவர்மீது சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது.