ஒன்பதாயிரம் ரிங்கிட்: பிரிக்பீல்ட்ஸில் கடையா, வீட்டிலிருந்து சாப்பாடா?

கையில் 30,000 ரிங்கிட் சேமிப்பு, மாதக் குடும்பச் செலவு 3,500 என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதச் செலவுக்கு 21,000 ஒதுக்கினால் மிச்சம் 9,000. போனாலும் பரவாயில்லை என்று விடக்கூடிய பணம் இதுதான். போடும் முதல் எவ்வளவு என்பதைவிட, வியாபாரத்தை மூடினால் எவ்வளவு திரும்பாது என்பதையே இதோடு ஒப்பிட வேண்டும்.

சாப்பாட்டுக் கடைக்கு மாத வாடகை 3,000 என்றால், வழக்கமாக இரண்டு மாத டெபாசிட், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று சாவி வாங்கவே 10,500 வேண்டும். சீரமைப்புக்கு 12,000 என்று கொள்வோம். இரண்டு வருட ஒப்பந்தத்தை ஆறாம் மாதத்தில் முறித்தால் 6,000 டெபாசிட் பெரும்பாலும் போய்விடும். ஒட்டிய டைல்ஸைப் பிடுங்கி விற்க முடியாது. இழப்பு 18,000. மீதி மாத வாடகையையும் உரிமையாளர் கேட்கலாம். அது இல்லாமலே, இந்த 18,000 நம் 9,000 வரம்பைப் போல இரு மடங்கு. வியாபார நஷ்டம் தனி.

அலுவலகங்களுக்கு வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு அனுப்பினால் ஃபிரீசர், அடுப்பு, கேரியர்களுக்கு 3,500 ஆகலாம். பாதி விலைக்கு விற்றாலும் 1,750 திரும்பும். எஸ்எஸ்எம் வணிகப் பதிவு, சமைப்பவருக்கான டைபாய்டு ஊசி, மூன்று மாதச் சரக்கு நஷ்டம் எல்லாம் சேர்த்தாலும் இழப்பு பெரும்பாலும் 4,000-ஐத் தாண்டாது. வருமானம் சிறியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்தச் சேமிப்புக்கு இதுவே என் தேர்வு.

கடைதான் வேண்டுமென்றால், முன்கூட்டியே விலகும் விதியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். உரிமையாளர் மறுத்தால் விட்டுவிடுங்கள்.