ஊட்டி பஸ் ஸ்டாண்டில் ஆறு மணிப் பசி: பஜ்ஜியா, வர்க்கியா, சுண்டலா?

வேலை ஊட்டியில், வீடு குன்னூரில். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது குளிரும் பசியும் சேர்ந்தே வரும். எடை குறைக்க தினமும் 400 கலோரி குறைத்துச் சாப்பிட ஆரம்பித்து நாலு மாசம் ஆகிறது. பகலெல்லாம் கட்டிக் காத்த அந்த நானூறும் கரைவது பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்தில்தான். இப்போது நான் சுண்டல் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேகவைத்த நடுத்தரச் சோளம் ஒன்று 100 கலோரி பக்கம்தான் வரும், மேலே வெண்ணெய் தடவாத வரை. ஆனால் அருவங்காடு தாண்டுவதற்குள் எனக்கு மறுபடி பசிக்கும். ஆவியில் வெந்த மோமோ இரண்டே தடவைதான் சாப்பிட்டிருக்கிறேன். மயோனைஸைத் தொடாமல் இருந்தால் மோசமில்லை என்று நினைக்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வர்க்கிதான் ஆளை ஏமாற்றும். கையில் எண்ணெய் ஒட்டாது, எடையும் தெரியாது. ஆனால் மைதா அடுக்குக்கு நடுவே கொழுப்பு தடவினால்தான் அது அப்படிப் பொரபொரவென்று உதிரும். கிராமுக்கு ஏறக்குறைய 5 கலோரி. டீயில் முக்கி முக்கி நாலு உள்ளே போனதே தெரியாது.

ஆக, எல்லாவற்றையும் தீர்மானிப்பது எண்ணெய்தான். ஒரு கிராமுக்கு 9 கலோரி, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பத்து மிளகாய் பஜ்ஜி போட்டு, சட்டி எண்ணெயை முன்னும் பின்னும் தராசில் வைத்தேன். 70 கிராம் குறைந்திருந்தது. பஜ்ஜிக்கு 7 கிராம், அதாவது 63 கலோரி. 20 கிராம் கடலை மாவுக்கு ஒரு 75 சேர்த்தால், ஒன்று 140 பக்கம் வருகிறது. மூன்று தின்றால் 420. அன்றைய கணக்கு காலி. கடையில் இன்னும் கூடலாம். மாவில் சோடா உப்பு அதிகமானால் எண்ணெய் கூடக் குடிக்கும். கூட்டம் வந்ததும் இருபதை ஒன்றாகப் போட்டால் சட்டி சூடு இறங்கி, பஜ்ஜி சொதசொதவென்று வரும். பேப்பரில் வைத்ததும் அது கண்ணாடி மாதிரி ஆனால் எண்ணெய் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு தொன்னை, 100 கிராம் என்று வைத்தால் 160 கலோரி. தாளித்த எண்ணெய் ஒரு டீஸ்பூன், 45. கூட ஒரு அவித்த முட்டை, 75. மொத்தம் 280. தேங்காய் அள்ளிப் போட்டால் கூடும், அதனால் "அண்ணா, தேங்காய் வேண்டாம், மிளகுத்தூள் போடுங்க" என்பேன். புரதமும் நாரும் இருப்பதால் ராத்திரி ஒன்பது வரை தாங்குகிறது. சில நாள் வயிறு உப்பும், அதுவும் நெரிசல் பஸ்ஸில்!

டீ மட்டும் விடவில்லை. சர்க்கரையை இரண்டு ஸ்பூனிலிருந்து அரைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மாஸ்டர் இன்னும் தினமும் ஒரு தடவை, "நிஜமாவே அரைதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆற்றுகிறார்.