இரவு 12.20 பிறப்பு: குறிப்பில் எந்தத் திகதி?

யாழ்ப்பாணத்தில் கலியாணப் பேச்சுக்கு வரும் பழைய குறிப்புகளில் "31ஆம் திகதி இரவு 12.20" என்று எழுதியிருப்பதை அடிக்கடி காணலாம். 30 முடிந்து 31 தொடங்கிய இரவா, 31 முடிந்து 1 தொடங்கிய இரவா என்பது அந்த வரியில் இல்லை. எழுதிய சாத்திரியாருக்கு அது தெளிவாகத்தான் இருந்திருக்கும். இருபது வருடம் கழித்து அதைக் கணினியில் போடுபவருக்குத் தெளிவில்லை.

பஞ்சாங்க முறையில் நாள் என்பது ஓர் உதயம் முதல் அடுத்த உதயம் வரை. ஞாயிறு காலை சூரியன் உதித்தால், திங்கள் உதயம் வரை ஞாயிறுதான், தமிழ்த் திகதியும் மாறாது. அதனால்தான் பெரியவர்கள் "ஞாயிறு விடியத் திங்கள்" என்று சேர்த்துச் சொல்வார்கள். பதிவாளரின் கணக்கு வேறு. நள்ளிரவு 12 மணியோடு திகதி மாறிவிடும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாம் இந்த வழியில்தான், அங்கே பஞ்சாங்கத்துக்கு இடமில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஒரு பெண் பிள்ளை யாழ்ப்பாணத்தில் 1999 பெப்ரவரி 1, திங்கள், அதிகாலை 12.20க்குப் பிறந்தாள் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சாங்கப்படி அவள் வெகுதான்ய வருடம், தை மாதம், ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை. அன்று காலை யாழ்ப்பாணத்தில் உதயம் அப்போதைய மணிக்கூட்டில் ஏறக்குறைய 7.02. அங்கிருந்து 12.20 வரை 17 மணி 18 நிமிடம். 24 நிமிடம் ஒரு நாழிகை ஆகையால், உதயாதி 43 நாழிகை 15 விநாடி. திருக்கணிதப்படி அந்நேரம் ஆயிலியம் முதலாம் பாதம், கடக ராசி, துலா லக்கினம்.

இப்போது குறிப்பில் "ஞாயிறு, 31 ஜனவரி, இரவு 12.20" என்று எழுதியிருக்கிறது. மரபுப்படி சரியான வரிதான். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் அதை அப்படியே ஜனவரி 31, 12.20 ஏஎம் என்று மென்பொருளில் அடிப்பார்கள். பிள்ளையின் பிறப்பு முழுதாக 24 மணி நேரம் பின்னுக்குப் போய்விடும். லக்கினம் துலாமாகவே வரும், ஏனென்றால் மறுநாள் அதே நேரத்துக்கு லக்கினம் ஒரு பாகை அளவே நகரும். ராசியும் கடகம்தான். நவாம்ச லக்கினம் கூட மாறவில்லை. எல்லாம் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வராது. நட்சத்திரம் மட்டும் ஆயிலியத்திலிருந்து பூசமாகிவிடும். பிறப்புத் தசை புதனிலிருந்து சனிக்கு மாறும், வாழ்நாள் முழுவதற்குமான தசைக் கணக்கே பிசகும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஞாயிறு தைப்பூசம். "தைப்பூசத்தண்டு பிறந்தவள்" என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே பூசம் என்று முடிவாகியிருக்கும். உண்மையில் பூசம் அன்று இரவு 8.40 அளவில் முடிந்துவிட்டது. கலண்டரில் ஒரு நாளுக்குப் போட்டிருப்பது பெரும்பாலும் உதயத்தில் நிற்கும் நட்சத்திரம், பிறந்த நேரத்து நட்சத்திரம் அல்ல. ஆயிலியம் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு ஊரில் இருப்பதால், பூசம் என்ற பிழையைத் திருத்த யாரும் அவசரப்படுவதில்லை. எனக்கு இது மனவருத்தம் தரும் விஷயம். அந்தப் பேச்சுக்குப் பயந்து பிள்ளையின் குறிப்பைப் பொய்யாக்கக் கூடாது.

சரி, அப்படியானால் பதிவாளர் திகதியை மட்டும் எழுதினால் போதுமா? இலங்கையில் அதுவும் முழுக் காப்பு அல்ல. மணிக்கூடே மாறிய நாடு இது. 1996 மே 25இல் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னுக்கு எடுத்தார்கள். 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய ஐந்தரை மணிக் கணக்குக்குத் திரும்பியது. எங்கள் பிள்ளை பிறந்தபோது கிரீன்விச்சை விட 6 மணி முன்னே இருந்தோம். பழைய நேரத்தில் அது ஜனவரி 31, இரவு 11.50.

அந்த ஆண்டுகளில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதிகளில் பழைய நேரமே நடைமுறையில் இருந்தது. ஆகவே அதே நொடியில் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையும் வன்னியில் ஒரு பிள்ளையும் பிறந்திருந்தால், ஒரு வீட்டில் பெப்ரவரி 1 என்பார்கள், மற்ற வீட்டில் ஜனவரி 31 என்பார்கள். பஞ்சாங்கத்தில் இருவரும் ஞாயிற்றுக்கிழமை, ஏறக்குறைய 43 நாழிகைதான். மரபுக் கணக்கின் பலம் இங்கேதான் தெரிகிறது. சூரியனிலிருந்து எண்ணுவதால் அரசாங்கம் மணிக்கூட்டைத் திருப்பினாலும் அது அசையாது.

நேரக் கணக்கில் வரும் பிழை திகதிப் பிழைக்கு நேரெதிராக இருக்கும். 12.20ஐ ஐந்தரை மணிக் கணக்கில் போட்டால் பிறப்பு அரை மணி பிந்திவிடும். சந்திரன் அதிகம் நகராது, ஆயிலியம் ஆயிலியமாகவே நிற்கும், புதன் தசை இருப்பில் மட்டும் நாலு மாதத்துக்கு மேல் குறையும். லக்கினமோ ஏழு பாகைக்கு மேல் ஓடிவிடும். நவாம்ச லக்கினம் மகரத்திலிருந்து மீனத்துக்குப் போகும். இரண்டு குறிப்புகள் முரண்பட்டால் இதை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம். லக்கினம் ஒத்து நட்சத்திரம் ஒன்று தள்ளியிருந்தால் நள்ளிரவுத் திகதியைச் சந்தேகப்படுங்கள். நட்சத்திரம் ஒத்து லக்கினமோ நவாம்சமோ தள்ளியிருந்தால் மணிக்கூட்டைச் சந்தேகப்படுங்கள்.

என் தெரிவு இதுதான்: திகதியும் நேரமும் பதிவாளர் முறையில், கிழமையும் நாழிகையும் பஞ்சாங்க முறையில், இரண்டும் ஒரே வரியில். "ஞாயிறு விடியத் திங்கள், 1999 பெப்ரவரி 1, அதிகாலை 12.20 புதிய நேரம், உதயாதி 43 நாழிகை 15 விநாடி" என்று எழுதினால் ஒன்று மற்றதைக் காவல் காக்கும். ஒன்றை மட்டும்தான் எழுதுவேன் என்பவர் பதிவாளர் திகதியையே எழுதட்டும், ஏனென்றால் இனி அந்தக் குறிப்பைப் படிக்கப்போவது பெரும்பாலும் கணினிதான். ஆனால் "இரவு" என்ற சொல்லை 12 மணிக்குப் பிறகு எழுதவே வேண்டாம். அதிகாலை என்று எழுதுங்கள்.

மென்பொருளில் போடும்போது நேர வலயத்தைக் கையால் 5.30 என்று அடிக்காமல் Asia/Colombo என்பதைத் தெரிவுசெய்தால், 1996 முதல் 2006 வரையான மாற்றங்களை அதுவே கவனிக்கும். 1942 முதல் 1945 வரை யுத்த காலத்தில் முன்னுக்குத் தள்ளிய நேரமும் அதில் இருக்கிறது, பாட்டன் பாட்டியின் குறிப்புகளுக்கு அது உதவும். வன்னியில் பழைய நேரத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்கு 5.30 என்று கையால்தான் போட வேண்டும். அதற்கு முதல், வீட்டில் பார்த்த மணிக்கூடு பழைய நேரமா புதிய நேரமா என்று தாயிடமே கேட்டுவிடுங்கள்.