பிடரியில் எழும் கெட்டி முடிச்சுகள்: ஊசியோடும் இரண்டாம் நம்பர் சீப்போடும் என் அனுபவம்

களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் அக்காவின் மகன், சலூனில் ஒட்ட வெட்டிய பின் தன் பிடரியில் எழுந்த முடிச்சுகளைப் படமெடுத்து அனுப்பி, "மாமா, உங்களுக்கு வந்ததும் இதுதானே? ஊசி போடுறதா, விடுறதா?" என்று கேட்டிருக்கிறான். ஓரிரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதிலாக இது இல்லை என்பதால், இந்த நோயோடும் அதற்கான மருந்துகளோடும் பல ஆண்டுகள் பழகியதில் எனக்குத் தெளிவானதை இங்கே எழுதுகிறேன்.

மருத்துவத்தில் இதற்கு ஆக்னி கீலாய்டாலிஸ் நூக்கே என்று பெயர். 1869 இல் கப்போசி என்ற தோல் மருத்துவர் இதை விவரித்திருக்கிறார். முகப்பருவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உண்மையான கீலாய்டு வடு காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவும் தன்மை உடையது. இது அதுவும் அல்ல. மயிர்க்கால் உள்ளுக்குள் அழன்று, அதன் சுவர் உடைந்து, முடித்துண்டு தோலின் ஆழத்தில் சிக்கிக்கொள்கிறது. உடல் அந்தத் துண்டை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்க, அந்த இடத்தில் நார்த்திசு திரண்டு கெட்டியான முடிச்சாகிறது. பருவமடைந்த பின், பெரும்பாலும் ஆண்களுக்கே வருகிறது. இறுக்கமாகச் சுருண்ட முடியுள்ள ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிக அதிகம் என்றாலும், சுருட்டை முடியுள்ள நம்மவர்களுக்கும் வருவதுண்டு. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

வேறு கட்டிகளிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினமல்ல. முகப்பருவில் இருப்பது போன்ற கரும்புள்ளிகள் இதில் இருக்காது. பிடரியில் முடி முடியும் கோட்டை ஒட்டியே முடிச்சுகள் வரிசையாக எழும். தொட்டால் நெல்மணியைப் போலக் கெட்டியாக இருக்கும். தொடக்கத்தில் அரிப்பு இருக்கும், சிலவற்றில் சீழும் வைக்கும். நாட்பட்டால் ஒரே துளையிலிருந்து பல முடிகள் கொத்தாகக் கிளம்பும். அதற்கும் பின்னர் முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து முடியற்ற தழும்புத் திட்டாக மாறும். அப்படித் தழும்பான இடத்தில் முடி திரும்ப முளைக்காது. ஆகவே, காலத்தோடு மருந்தைத் தொடங்குவதற்குப் பெறுமதி உண்டு.

எனக்கு முதலில் தெரிந்தது அரிப்புதான். முடியைப் பூச்சியம் நம்பரில் ஒட்ட வெட்டுவித்து, பிடரியில் பிளேடால் கோடும் எடுப்பித்த சில நாட்களில் அது தொடங்கும்; அடுத்த வெட்டு வரும்போது முடிச்சு ஒன்றிரண்டு கூடியிருக்கும். மட்டக்களப்பின் வெக்கையும், வேலைக்குப் போய்வரும்போது தலைக்கவசத்தின் பின்விளிம்பும் சட்டைக் கொலரும் அதே இடத்தில் உரசுவதும் அதை மேலும் கிளறின. சலூனின் அழுக்குப் பிளேடுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் புதிய பிளேடு போட்டாலும் முடிச்சு வந்தது, ஏனெனில் சிக்கல் பிளேட்டின் சுத்தத்தில் மட்டும் இல்லை. முடி தோலின் மட்டத்துக்கோ அதற்கும் கீழேயோ வெட்டப்படும்போது, அதன் கூர்முனை வெளியே வராமல் உள்ளேயே வளைந்து வளரும் வாய்ப்பு உண்டாகிறது. சிலருக்கு மட்டும் இது ஏன் இவ்வளவு மூர்க்கமாகிறது என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை.

தோல் வைத்தியர் மூன்று மருந்துகளைக் கொடுத்தார். சீழ் இருந்தவரை டொக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரை, காலையும் மாலையும். முடிச்சுகளின் மீது குளோபெட்டசோல் 0.05 சதவீத மருந்தை இரண்டு கிழமை பூசி, இரண்டு கிழமை விட்டு, மறுபடி பூச வேண்டும். இவற்றுக்கும் கெட்டியாகவே நின்றவற்றுக்குள் டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, சுமார் நான்கு கிழமைக்கு ஒரு முறை. ஊசியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும்: அது மிக நன்றாக வேலை செய்தது. கெட்டித் தழும்புக்குள் மருந்தைச் செலுத்தும்போது கடுமையாக வலிக்கும். ஆனால் சில கிழமைகளிலேயே அரிப்பு அடங்கி, முடிச்சுகள் மிருதுவாகி, பின்னர் தட்டையாகத் தொடங்கின. பூச்சு மருந்தால் மாதக்கணக்கில் வராத மாற்றம் அதில் வந்தது.

எனினும், என்னை விடாமல் எரிச்சலூட்டுவதும் அந்த ஊசிதான். மருந்து இறங்கிய ஓர் இடத்தில் தோல் சற்றுக் குழிந்து, வெளிர்நிறமாகிப் போனது. இந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு இதுவே. நிறம் பெரும்பாலும் மாதங்கள் சென்று திரும்பும், எனக்கும் மெல்லத் திரும்பி வருகிறது. ஆனால் நமது கருமையான தோலில் வெளிர்த் திட்டு தூரத்திலிருந்தே தெரியும் என்பதை, ஊசி போடும் முன்பே யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். இதைவிடக் கோபம் தருவது இன்னொன்று. இவ்வளவு வலியையும் தாங்கித் தட்டையாக்கிய பின், ஒரு சலூனில், வேண்டாம் என்று சொன்ன பிறகும், "கடைசியா வடிவா ஒரு கோடு எடுத்து விடுறன் அண்ணன்" என்று பிளேடு பிடரியில் இறங்கியது. தட்டையான வரிசையின் ஓரத்தில் புதிய முடிச்சுகள் எழுந்தன.

எதிர்பாராத நிம்மதியைத் தந்தது மெஷினில் மாட்டும் இரண்டாம் நம்பர் பிளாஸ்டிக் சீப்பு. பெரும்பாலான மெஷின்களில் முதலாம் நம்பர் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் முடியை விடும், இரண்டாம் நம்பர் 6 மில்லிமீற்றர் விடும். 3 மில்லிமீற்றருக்குக் கீழே வெட்டக் கூடாது என்பதே வைத்தியர்களின் வழமையான அறிவுரை. நான் இரண்டாம் நம்பரில் நின்றுகொண்டேன். பிடரியில் முடி மங்கி இறங்கி, கோடின்றி முடிவது முதலில் ஒழுங்கற்றுத் தெரியும், பின்னர் பழகிவிடும். வீட்டில் நானே சீப்பு மாட்டி வெட்டத் தொடங்கிய பிறகு புதிய முடிச்சு எழுவது அரிதாகிவிட்டது. பழைய தழும்புகளை அது கரைக்காது. அதன் வேலை அதுவல்ல.

ஊசி சிறந்த மருந்து என்று எழுதிய நானே, மருமகனுக்கு அதை முதலில் பரிந்துரைக்கவில்லை. அவன் அனுப்பிய படத்தில் சிறிய முடிச்சுகள் மட்டுமே இருக்கின்றன; கொத்து முடியும் இல்லை, திட்டும் இல்லை. இந்தக் கட்டத்தில் பிளேட்டை நிறுத்தி, உரசலைக் குறைத்து, தோல் வைத்தியர் தரும் பூச்சு மருந்தை முறையாகப் பூசிப் பார்ப்பதே சரி. பெரிய திட்டாகிவிட்டவர்களுக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. அதில் மயிர்க்கால்களின் அடி வரை ஆழமாக அகற்ற வேண்டும், மேலாகச் சீவினால் மீண்டும் வளர்ந்துவிடும். அவனுக்கு அதற்குத் தேவையே இல்லை.

சீப்பு வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கம்பனியின் சீப்பு இன்னொரு கம்பனியின் மெஷினில் இறுகப் பொருந்தாமல் போகலாம். தளர்வாக நிற்கும் சீப்பு வெட்டும் நடுவே கழன்றால், வெறும் பிளேடு பிடரியில் ஒரு பட்டையை ஒட்ட வெட்டிவிடும். ஆகவே மெஷினையும் கையோடு கடைக்குக் கொண்டுபோய், மாட்டி இழுத்துப் பார்த்தே வாங்குங்கள்.