👎 வந்தால் அன்றே ஒட்டுப்போடுவதா, சேர்த்துவைத்துத் திருத்துவதா?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் உழவர் குழுவுக்காக வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி-பதில் பாட் ஓட்டுகிறோம். உரம், விதை, பூச்சி என்று எதைக் கேட்டாலும் எங்கள் ஆவணத் தொகுப்பை வைத்து ஒரு மொழி மாடல் பதில் எழுதும். பதிலுக்குக் கீழே 👍 👎 இருக்கும். வருகிற 👎-களை வைத்து, மாடலுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் கட்டளையான பிராம்ப்டைத் திருத்த இரண்டு வழி உண்டு. வந்த அன்றே அதற்கென ஒரு வரி சேர்த்துவிடலாம். இல்லை, வாரம் முழுக்கச் சேர்த்துவைத்து, படித்து, காரணம் பிரித்து, அப்புறம் கைவைக்கலாம். நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவது வழி. அதன் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன்.

அன்றே திருத்துவதில் வேகம் இருக்கிறது, வேலையும் குறைவு. அதை யாரும் மறுக்கப்போவதில்லை. சிக்கல் பராமரிப்பில் வருகிறது.

குறுவை நேரத்தில் ஒருவர் கேட்டார்: "ரெண்டாவது மேலுரம் யூரியா எவ்வளவு போடணும்?" ஹெக்டேருக்கு 75 கிலோ என்றது பாட். உடனே 👎. எங்கள் பக்கம் நிலத்துக்கு மா கணக்கு. மூன்று மா ஒரு ஏக்கர். ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய ஏழரை மா. மாவுக்குப் பத்து கிலோ என்றிருந்தால் அவருக்குப் போதும். முதல் வழிக்காரர் இங்கே "எப்போதும் மா கணக்கில் சொல்" என்று ஒரு வரி போடுவார். அடுத்து ஏக்கரில் கேட்டவருக்கும் மாவில் பதில் போகும். பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தைக்கூட மாவுக்குப் பிரித்துச் சொல்லும். அதற்கு ஒரு விலக்கு வரி, அந்த விலக்குக்கு இன்னொன்று. இரண்டு போகத்துக்குள் பிராம்ப்ட் பழைய வீட்டுக் கூரை மாதிரி ஆகிவிடும்: எந்த ஓட்டை எடுத்தால் எங்கே ஒழுகும் என்று யாருக்கும் தெரியாது.

அதே வாரத்தில் விதையளவு, களைக்கொல்லி பற்றி வந்த 👎-களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் காரணம் வேறாகத் தெரிகிறது. கேட்டவர் ஒரு அலகில் கேட்கிறார், பாட் வேறொன்றில் சொல்கிறது. திருத்தமும் அதற்கேற்ப மாறுகிறது:

```
முன்: அளவுகளைத் தெளிவாகச் சொல்.
பின்: உரம், விதை அளவைக் கேட்டவரின் அலகிலேயே சொல்.
      அலகு சொல்லாவிட்டால் மாவுக்கும் ஏக்கருக்கும் சொல்.
      1 ஏக்கர் = 3 மா; 1 ஹெக்டேர் = 2.47 ஏக்கர்.
```

கடைசி வரி முக்கியம். கணக்கை மாடலின் நினைவுக்கு விட்டால் சில நேரம் தப்பும்.

படித்துப் பிரிக்கும்போது பிராம்ப்டுக்குச் சம்பந்தமே இல்லாத 👎-களும் தனியே வந்துவிடும். "மேட்டூர்த் தண்ணி கடைமடைக்கு எப்ப வரும்?" என்று கேட்டால், தன்னிடம் அந்தத் தகவல் இல்லை என்று பாட் சொல்கிறது. கோபத்தில் 👎 விழுகிறது. பதில் சரிதான். இதை ஒழிக்க "தெரியாது என்று சொல்லாதே" என்று எழுதினால் பாட் ஒரு தேதியைப் புனைந்து சொல்லும். அதை நம்பி ஒருவர் நாற்றங்கால் போடுவார். ஆடுதுறை நெல் ரகம் ஒன்றைப் பற்றிய குறிப்பு ஆவணத் தொகுப்பிலேயே இல்லையென்றால் ஆவணத்தைத்தான் சேர்க்க வேண்டும், வரியை அல்ல. இப்படிப் பிரிக்க உதவியாக 👎 அழுத்தியதும் மூன்று பட்டன் காட்டுகிறோம்: "அளவு புரியல", "வயலுக்கு ஒத்துவரல", "தகவல் தப்பு".

இனி பராமரிப்பு. விழுகிற ஒவ்வொரு 👍, 👎 உடனும் கேள்வி, முழுப் பதில், அப்போது மாடலுக்குக் கொடுத்த ஆவணப் பகுதி, பிராம்ப்டின் பதிப்பு எண் எல்லாம் பதிவாக வேண்டும். பதிப்பு எண் இல்லாவிட்டால் பழைய பிராம்ப்டுக்கு விழுந்த 👎 புதியதன் கணக்கில் ஏறிவிடும். திருத்திய பிராம்ப்டைப் பயன்பாட்டுக்கு விடுவதற்கு முன் பழைய 👎 கேள்விகளோடு, நல்ல பதில் வந்த கேள்விகளையும் சேர்த்து இரண்டு பதிப்பிலும் ஓட்டிப் பதில்களை அருகருகே படிக்கிறோம். 👎 சதவீதம் இறங்கியதா என்று மட்டும் பார்ப்பது ஏமாற்றும். குறுவை முடிந்து சம்பா தொடங்கினால் கேள்விகளே மாறிவிடும். பிராம்ப்டைத் தொடாமலே எண் ஏறும், இறங்கும்.

👍 விஷயத்தில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. வாட்ஸ்அப்பில் பலருக்கு அது "சரி, பார்த்தேன்" என்பதுதான். படித்துப் பார்த்துச் சரியென்று தெரிந்த பிறகே அந்தப் பதிலைச் சோதனைப் பட்டியலில் சேர்க்கிறேன். எங்களுடையது சின்னக் குழு, உட்கார்ந்து படித்துவிடலாம். ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தினால் மாதிரி எடுத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். அந்த அளவில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

ஒரே இடத்தில் முதல் வழிக்கு ஓட்டுப் போடுவேன். பூச்சிமருந்தின் அளவு தப்பாகப் போயிருந்தால் வாரக் கடைசி வரை வைத்திருக்கக் கூடாது. அன்றே ஒட்டு வரி போட்டு, கேட்டவருக்கும் போன் செய்துவிட வேண்டும். அந்த வரி இருக்கட்டுமா, எடுக்கலாமா என்பதை வாரக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.